‘லெட் அஸ் கோ ஹோம், சார்’ – இதற்கு ‘ஷல் வி’யா, ‘வில் யூ’வா? விடைக்குறிப்பில் சந்தேகம்

வைகைக்கரை

வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். போன சனிக்கிழமை நான் போகும் பயிற்சி மையத்தில் ஆங்கில மாதிரித் தேர்வு வைத்தார்கள். வாக்கியத்தின் கடைசியில் வால் மாதிரி ஒட்டும் கொஸ்டின் டேக்கில் நான்கு கேள்வி. மூன்று தப்பு என்று போட்டுவிட்டார்கள். தப்பு என்றால் ஏற்றுக்கொள்வேன், ஆனால் ஏன் என்று கேட்டால் ‘ரூல் அப்படி’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

முதல் கேள்வி, ‘லெட் அஸ் கோ ஹோம், சார்’. நான் ‘வில் யூ’ எழுதினேன். விடைக்குறிப்பில் ‘ஷல் வி’. அடுத்தது ‘ஹேவ் சம் காபி’. அதற்கும் ‘வில் யூ’ எழுதினேன், அவர்கள் விடை ‘வோன்ட் யூ’. மூன்றாவது ‘ஐ ஆம் லேட்’. ‘இஸ்’ வந்தால் ‘இஸன்ட்’, ‘வாஸ்’ வந்தால் ‘வாஸன்ட்’, அந்தக் கணக்கில் ‘ஆமன்ட் ஐ’ என்று எழுதினேன். அவர்கள் ‘ஆர்ன்ட் ஐ’ என்கிறார்கள். ‘ஐ’க்குப் பக்கத்தில் ‘ஆர்’ எப்படி வரும்? ‘ஐ ஆர்’ என்று எழுதினால் ஆறாம் வகுப்பிலேயே அடிக்கோடு போடுவார்களே. தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கொங்குத்தமிழன்

தம்பி, இதில் குழப்பிக்கொள்ள ஒன்றும் இல்லை. ‘லெட்’ என்று ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஷல் வி’. சாதாரணக் கட்டளை என்றால் ‘வோன்ட் யூ’. ‘டோன்ட்’ என்று ஆரம்பித்தால் ‘வில் யூ’. வாக்கியம் நேராக இருந்தால் வால் எதிர்மறையாக இருக்க வேண்டும், வாக்கியம் எதிர்மறை என்றால் வால் நேராக இருக்க வேண்டும். எல்லா டேக்குக்கும் இதே விதிதான். ‘ஆர்ன்ட் ஐ’ மட்டும் விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணிவிடுங்கள். நான் இப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

பூங்கொடி_திருவாரூர்

எங்களுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது, ‘ஐ’, ‘வி’ வந்தால் ‘ஷல்’, மற்றவர்களுக்கு எல்லாம் ‘வில்’. ‘ஐ ஷல் கோ’, ‘ஹி வில் கோ’. அதனால்தான் ‘ஷல் வி’ என்று வருகிறது. இப்போது எல்லாவற்றுக்கும் ‘வில்’ போட்டாலும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் ‘வில் வி’ என்றும் எழுதலாம் இல்லையா?

மீனாட்சி டீச்சர்

பூங்கொடி, நீங்கள் சொல்வது எதிர்காலத்துக்கு வரும் ‘ஷல்’. தம்பி கேட்பது வேறு. ‘ஷல் வி கோ?’ என்றால் ‘போவோமா, உங்களுக்குச் சம்மதமா’ என்று பொருள். ‘வில் வி கோ?’ என்றால் ‘நாம் போய்ச் சேருவோமா’ என்று நடக்கப்போவதைக் கேட்பது. சம்மதம் கேட்கும் இடத்தில் ‘வில் வி’ நிற்காது.

இப்போது தம்பியின் முதல் கேள்விக்கு வருகிறேன். முப்பது வருடம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்திருக்கிறேன். இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆங்கிலத்தில் ‘வி’, ‘அஸ்’ என்று ஒரே சொல்தான். நமக்கு ‘நாம்’ இருக்கிறது, ‘நாங்கள்’ இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் நாம், அவரை விட்டுவிட்டால் நாங்கள்.

‘லெட்ஸ் கோ’ என்று ஒருவர் உங்களிடம் சொன்னால் அவரும் போகிறார், நீங்களும் போகிறீர்கள். அது ‘நாம்’. இரண்டு பேரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு, அதனால் ‘ஷல் வி’, நாம் போகலாமா.

ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். மணி நாலே கால் ஆகிவிட்டது, வெளியே மழை இருட்டிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் எழுந்து நின்று ‘லெட் அஸ் கோ ஹோம், சார்’ என்கிறார்கள். சாரையும் தங்கள் வீட்டுக்கா கூப்பிடுகிறார்கள்? இல்லை. ‘எங்களை வீட்டுக்குப் போக விடுங்கள் சார்’ என்கிறார்கள். போவது பிள்ளைகள், விட வேண்டியது சார். கேள்வி அவரைப் பார்த்துத்தான் போக வேண்டும், விடுவீர்களா, ‘வில் யூ’. தம்பி எழுதியதுதான் பொருந்தும் விடை. அந்த ‘சார்’ என்ற ஒரு சொல்லை விடைக்குறிப்பு போட்டவர் கவனிக்கவில்லை.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வாயில் ‘நாம்’ வந்தால் ‘ஷல் வி’. ‘எங்களை’ வந்தால் ‘வில் யூ’.

கொங்குத்தமிழன்

டீச்சர், அப்படியென்றால் இன்னும் சுலபமாகச் சொல்லலாமே. சுருக்கி ‘லெட்ஸ்’ என்று எழுதினால் ‘ஷல் வி’, பிரித்து ‘லெட் அஸ்’ என்று எழுதினால் ‘வில் யூ’. முடிந்தது.

மீனாட்சி டீச்சர்

பாதி சரி. சுருக்கிய வடிவம் வந்தால் அது எப்போதும் ‘நாம்’தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பிரித்து எழுதியதெல்லாம் ‘எங்களை விடுங்கள்’ ஆகாது. தேவாலயத்தில் பாதிரியார் ‘லெட் அஸ் ப்ரே’ என்கிறார். ‘எங்களை ஜெபிக்க விடுங்கள்’ என்றா சபையைப் பார்த்துக் கெஞ்சுகிறார்? ‘நாம் ஜெபிப்போம்’ என்கிறார். கூட்டத் தலைவர் ‘லெட் அஸ் பிகின்’ என்று ஆரம்பித்தால் அதற்கும் வால் ‘ஷல் வி’தான். விறைப்பான பேச்சில் சுருக்காமல் சொல்வது வழக்கம். அதனால் எழுத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், யார் யாரிடம் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

தேர்வில் ‘லெட் அஸ் கோ ஃபார் எ வாக்’ என்று மொட்டையாகக் கொடுத்தால் ‘ஷல் வி’ எழுதுங்கள், ஏனென்றால் அந்தப் பொருள்தான் முதலில் தோன்றும். ‘சார்’, ‘ஆபீசர்’, ‘ப்ளீஸ்’ என்று அனுமதி கேட்கும் வாடை அடித்தால் ‘வில் யூ’.

வைகைக்கரை

டீச்சர், மனசு நிறைந்த நன்றி. ‘நாம்’, ‘எங்களை’ என்று பார்க்கும்போது உடனே புரிகிறது. இன்னொன்று, ‘லெட்ஸ் நாட் ஃபைட்’ என்று எதிர்மறையாக வந்தால்? கொங்கு அண்ணன் சொன்ன விதிப்படி வாலைத் திருப்ப வேண்டுமா?

மீனாட்சி டீச்சர்

வேண்டாம். அதற்கும் ‘ஷல் வி’தான். ‘நாம் சண்டை போட வேண்டாம், சரியா?’ என்கிறோம். ‘சரியா’வை ‘சரியில்லையா’ என்று மாற்றிக்கொள்கிறோமா? இல்லையே.

நேருக்கு எதிர், எதிருக்கு நேர் என்பது ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அது உண்மையா என்று உறுதிப்படுத்தும் வால்களுக்கான விதி. கட்டளையில் உண்மை, பொய் என்று ஒன்றும் இல்லை. ‘கதவைத் திற’ என்பதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே வால் கேட்பது ‘செய்வாயா’ என்று. அதனால் ‘ஓப்பன் த டோர்’ என்பதற்கு ‘வில் யூ’ முழுக்கச் சரி, ‘வோன்ட் யூ’வும் வரும். ‘டோன்ட்’ வந்தால் மட்டும் ‘வில் யூ’ ஒன்றுதான். ‘டோன்ட் டெல் எனிஒன், வோன்ட் யூ’ என்று யாரும் சொல்வதில்லை.

நித்யா_பெருங்குடி

இந்த இழையை முன்னாடியே பார்த்திருந்தால் எனக்கு ஒரு கசப்பு மிச்சமாகியிருக்கும். நான் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். லண்டனில் இருக்கும் வாடிக்கையாளர் தரப்பு மேலாளரிடம் ஒரு கோப்பு கேட்க வேண்டியிருந்தது. அவர் என்னைவிட வயதிலும் பதவியிலும் பெரியவர். வெறும் ‘சென்ட் மி த ஃபைல்’ என்றால் மரியாதையாக இருக்காது என்று யோசித்து, கடைசியில் ‘வில் யூ’ என்று சேர்த்து அரட்டையில் அனுப்பினேன். எனக்கு அது ‘அனுப்புவீங்களா’ என்று பணிவாகத்தான் பட்டது. அவர் கோப்பை அனுப்பினார், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் எங்கள் குழுத் தலைவர் கூப்பிட்டு ‘அவரிடம் ஏன் அதட்டலாகப் பேசினாய்’ என்று கேட்டார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இலக்கணப்படி நான் எழுதியது சரிதானே டீச்சர்?

மீனாட்சி டீச்சர்

இலக்கணம் சரிதான் அம்மா. தடம் புரண்டது தொனி. கட்டளைக்குப் பின்னால் வரும் ‘வில் யூ’ நெருங்கியவர்களுக்குள் புழங்குவது. வீட்டில் அண்ணன் தங்கையிடம் ‘அந்த விளக்கைப் போடேன்’ என்பது மாதிரி. குரலை மேலே ஏற்றிச் சொன்னால் வேண்டுகோள். கீழே இறக்கிச் சொன்னால் ‘போடுறியா இல்லையா’ என்று அதட்டல். நேரில் பேசினால் குரல் காப்பாற்றும். எழுத்தில் குரல் இல்லை, படிப்பவர் எந்தக் குரலில் படித்தாரோ அதுதான். உங்களவர் இறங்கிய குரலில் படித்துவிட்டார். பெரியவர்களிடமும் பழகாதவர்களிடமும் கட்டளையையே எடுத்துவிடுங்கள். ‘குட் யூ சென்ட் மி த ஃபைல்’ என்று முழுக் கேள்வியாகக் கேட்டால் பிரச்சினை வராது.

காபிக் கேள்வியின் விடையும் இங்கேதான் இருக்கிறது. ‘வோன்ட் யூ’ என்பதை எப்படித் தமிழில் சொல்வது என்று பல நாள் தேடியிருக்கிறேன். நம் ‘ஏன்’ விகுதிதான் அது. வாங்களேன், உட்காருங்களேன், கொஞ்சம் சாப்பிடுங்களேன். கட்டளைதான், ஆனால் கையைப் பிடித்து உபசரிக்கும் கட்டளை. எதிராளிக்கு நல்லது நடக்கும் இடத்தில்தான் அது இனிக்கும். ‘ஹேவ் சம் காபி, வோன்ட் யூ’, காபி சாப்பிடுங்களேன். ‘பி கேர்ஃபுல், வோன்ட் யூ’, பார்த்துப் போங்களேன். அதனால் காபிக்கு ‘வோன்ட் யூ’ கூடுதல் பொருத்தம், விடைக்குறிப்பு போட்டவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பியின் ‘வில் யூ’ பிழை இல்லை. ஒன்றுதான் சரி, மற்றது தவறு என்று மதிப்பெண்ணைக் கழிப்பது எனக்கு உடன்பாடில்லை.

கடைசியில் ‘கான்ட் யூ’ என்றும் ஒன்று வரும். ‘பி க்வயட், கான்ட் யூ’. அது ‘கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டியா’. பொறுமை போனவர் பேச்சு. புரிந்துகொண்டால் போதும், நாமாக எழுத வேண்டாம்.

நித்யா_பெருங்குடி

‘போடேன்’, ‘போடுறியா இல்லையா’ இரண்டையும் ஒரே எழுத்தில் அனுப்பியிருக்கிறேன் என்று இப்போதுதான் உறைக்கிறது. நன்றி டீச்சர்.

லிஃபிக்கரை

மூன்றாவது கேள்விக்கு ஒரு செய்தி. நான் டப்ளினில் செவிலியாக இருக்கிறேன். தம்பி எழுதிய ‘ஆமன்ட் ஐ’ இங்கே தினமும் காதில் விழும் சொல். வந்த புதிதில் என்னோடு வேலை பார்க்கும் ஐரிஷ் அக்கா ஒருவர் பணி மாறும் நேரத்தில் பட்டியலைப் பார்த்துக்கொண்டே ‘ஐ ஆம் ஆன் நைட்ஸ், ஆமன்ட் ஐ?’ என்றார். நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் படித்தவர், பெரியவர், மருத்துவர் எல்லாரும் சொல்வதைக் கேட்டேன். யாரும் அதைப் பிழையாக நினைப்பதில்லை. ஸ்காட்லாந்தில் இருந்து வந்த ஒருவரும் அப்படியே பேசினார். ஆனால் இங்கே ஒரு தேர்வுக்கு எழுதச் சொன்னால் நானும் ‘ஆர்ன்ட் ஐ’தான் எழுதுவேன்.

கொங்குத்தமிழன்

அது வட்டார வழக்கு. நம் ஊரில் ‘வருவியா மாட்டியா’ மாதிரி. தேர்வுக்கு உதவாது. ‘ஆர்ன்ட் ஐ’யே அமெரிக்கர்கள் கிளப்பிவிட்ட பிழை, சுத்தமான ஆங்கிலத்தில் ‘ஆம் ஐ நாட்’ தான் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார்.

மீனாட்சி டீச்சர்

தேர்வுக்கு உதவாது என்பது சரி. அமெரிக்கர்கள் கிளப்பிவிட்டது என்பது தவறு. இது பிறந்த இடம் இங்கிலாந்து.

தம்பி எழுதிய ‘ஆமன்ட்’டைச் சத்தமாக வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ம், ன் இரண்டும் மூக்கொலி, ஒன்றோடு ஒன்று முட்டுகிறது. நாக்கு சோம்பல்பட்டு ‘ம்’மை விட்டுவிட்டது. மிச்சம் நின்றது ‘ஆன்ட்’. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கில நாடகங்களில் இந்தச் சுருக்கம் எழுத்தில் வந்துவிட்டது.

இனிமேல்தான் முடிச்சு. தென் இங்கிலாந்து உச்சரிப்பில் மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் ‘ர்’ ஒலி தேய்ந்து மறைந்துவிட்டது. ‘கார்ட்’ என்று எழுதுவார்கள், ‘காட்’ என்பார்கள். ‘ஆர்ன்ட்’ என்று எழுதுவதையும் ‘ஆன்ட்’ என்றே சொல்வார்கள். ஆக, ‘ஆம் நாட்’ சுருங்கி வந்ததும் ‘ஆன்ட்’, ‘ஆர் நாட்’ சுருங்கி வந்ததும் ‘ஆன்ட்’. காதுக்கு இரண்டும் ஒன்று. எழுதும்போது ஏற்கெனவே தெரிந்த எழுத்துக்கூட்டலைத் தூக்கி வைத்துவிட்டார்கள். தம்பி கேட்டாரே, ‘ஐ’க்குப் பக்கத்தில் ‘ஆர்’ எப்படி வந்தது என்று. ‘ஆர்’ வினைச்சொல் வரவில்லை, அதன் எழுத்துக்கூட்டல் மட்டும் வந்தது. உள்ளே இருப்பது பழைய ‘ஆம்’தான்.

இதற்கு ஒரு அடையாளமும் உண்டு. ‘ஐ ஆர்ன்ட் லேட்’ என்று பொது ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை, ‘ஐ ஆம் நாட் லேட்’ தான். கேள்வியில், ‘ஐ’க்கு முன்னால் வரும்போது மட்டும்தான் அந்த உருவம் நிற்கிறது.

அயர்லாந்துச் சகோதரி சொன்னதும் இதோடு பொருந்துகிறது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ‘ர்’ ஒலியை முழுசாக உச்சரிக்கிறார்கள். அவர்கள் வாயில் இரண்டும் ஒன்றாகக் கலக்க வழியில்லை, அதனால் ‘ஆமன்ட்’ பிழைத்துக்கொண்டது. தம்பி, உங்கள் தர்க்கத்தில் பிழையே இல்லை. அந்த வழியில் நடந்த ஊர்கள் இருக்கின்றன.

‘ஆம் ஐ நாட்’ பற்றி. அதுவும் சரி, ஆனால் மேடைப் பேச்சின் விறைப்பு அதில் இருக்கிறது. வாக்கியமே ‘ஐ ஆம் நாட்’ என்று எதிர்மறையாக இருந்தால் இந்தச் சிக்கல் எதுவும் வராது, ‘ஆம் ஐ’ போதும்.

லிஃபிக்கரை

டீச்சர், ஒரு சந்தேகம். என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே பெரும்பாலும் ‘ர்’ ஒலியை நன்றாகவே உருட்டுகிறார்கள். நீங்கள் சொன்ன காரணப்படி அவர்களும் ‘ஆமன்ட்’ என்றல்லவா சொல்ல வேண்டும்? ஆனால் அவன் ‘ஆர்ன்ட் ஐ’ என்றுதான் சொல்கிறான், அந்த ‘ர்’ தெளிவாகக் கேட்கிறது.

மீனாட்சி டீச்சர்

நல்ல கேள்வி. அங்கே அந்தப் பழைய ‘ஆன்ட்’ வேறு பக்கம் நகர்ந்து ‘எய்ன்ட்’ ஆகிவிட்டது. ‘எய்ன்ட்’ இங்கிலாந்திலும் உண்டு. அதைப் படிப்பில்லாதவர் பேச்சு என்று பள்ளிக்கூடங்கள் விரட்டியடித்தன. விரட்டிய பிறகு காலியான இடத்துக்கு, எழுத்தில் பார்த்த ‘ஆர்ன்ட் ஐ’யை எடுத்துக்கொண்டு எழுத்தில் இருந்தபடியே ‘ர்’ரோடு உச்சரித்தார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். இது என் ஊகம்தான், முன்னே சொன்னதைப் போல அடித்துச் சொல்ல மாட்டேன்.

பூங்கொடி_திருவாரூர்

இவ்வளவு இருக்கிறதா! நம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ‘இஸன்ட் இட்’ போட்டுப் பேசுகிறார்களே. ‘யூ ஆர் கமிங், இஸன்ட் இட்?’ என்று. நானும் அப்படித்தான் பேசுவேன். அது ஏன் அப்படி?

மீனாட்சி டீச்சர்

நம் ‘இல்லையா’, ‘அல்லவா’ எதற்குப் பின்னாலும் மாறாமல் நிற்கும். அந்தப் பழக்கத்தில் ‘இஸன்ட் இட்’டையும் அப்படியே ஒட்டுகிறோம். நம்மவர்களுக்குள் பேசினால் புரியும், யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. தேர்விலும் வெளியாரிடம் எழுதும்போதும் மாற்றிக்கொள்ளுங்கள். கட்டளைக்குப் பின்னால் மட்டும் நீங்களே அதைப் போட மாட்டீர்கள், கவனித்திருக்கிறீர்களா? ‘கம் ஹியர், இஸன்ட் இட்’ என்று நம் ஊரிலும் யாரும் சொல்வதில்லை. ‘இங்கே வா, இல்லையா’ என்று தமிழிலும் வராது.

வைகைக்கரை

இன்று மையத்தில் பேசினேன். வகுப்பறை, மழை, நாலே கால் மணி, எல்லாவற்றையும் டீச்சர் சொன்ன மாதிரியே சொன்னேன். ‘லெட் அஸ்’ கேள்விக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள். விடைக்குறிப்பையும் திருத்துவதாகச் சொன்னார்கள். காபிக்குக் கொடுக்கவில்லை, ‘உபசரிப்புக்கு வோன்ட் யூதான் எதிர்பார்ப்போம்’ என்றார்கள். ‘ஆமன்ட் ஐ’க்கும் இல்லை, அதை நான் கேட்கவும் இல்லை.

கிளம்பும்போது ஆங்கில ஆசிரியர் புதிதாக ஒன்று கேட்டார். ‘லெட் மி ஹெல்ப் யூ’ என்பதற்கு என்ன டேக் என்று. ‘என்னை உதவ விடுங்கள்’ என்று வருவதால் ‘வில் யூ’ என்றேன். அவர் ‘ஷல் ஐ’ என்கிறார்.

கொங்குத்தமிழன்

‘ஷல் ஐ’ தான் தம்பி. உதவி செய்யப்போவது நான். நான் செய்யட்டுமா என்று கேட்கிறேன்.

மீனாட்சி டீச்சர்

இந்த முறை கொங்குத்தமிழன் பக்கம் பலம் இருக்கிறது. அந்த வாக்கியத்தைத் தமிழில் நாம் ‘என்னை விடுங்கள்’ என்று சொல்வதே இல்லை, ‘நான் உதவட்டுமா’ என்கிறோம். அதற்கு ‘ஷல் ஐ’ ஒட்டுகிறது. ஆனால் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கும்போது ‘லெட் மி கோ’ என்றால் அங்கே ‘வில் யூ’தான் வரும். உங்கள் ஆசிரியர் எந்த நிலைமையை மனதில் வைத்துக் கேட்டார் என்று அவரிடமே கேட்டுவிட்டு எழுதுங்கள் தம்பி.